அச்சக அண்ணாச்சி விடைபெறும்போது பேசியது

எங்கள் கூட்டமைப்பின் ரசீது புத்தகம், சேமிப்பு பாஸ்புக், தீர்மான நோட்டு, பொதுக்குழு நோட்டீஸ் எல்லாம் இத்தனை வருசமாய் அடித்துக் கொடுத்தவர் டவுனில் உள்ள அச்சக அண்ணாச்சி. அவர் இந்த வருசத்தோடு தொழிலை விட்டு ஓய்வு எடுக்கிறார். ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போட்டோம். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று தலைவி அக்கா கேட்டுக்கொண்டார். அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. போனில் பதிவு செய்ததை மூன்று நாள் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன். அவர் பேசியதை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

தாய்மார்களே, தங்கச்சிமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு மேடையில பேசிப் பழக்கம் கிடையாது. அடுத்தவங்க பேசுறதை அச்சடிச்சுத்தான் பழக்கம். (எல்லாரும் சிரித்தோம்.) அதனால எனக்குத் தெரிஞ்ச தொழிலைப் பத்தி மட்டும் சொல்றேன். உங்க கையில இருக்கிற ரசீது புத்தகம் முந்தி எப்படி உண்டாச்சு, இப்ப எப்படி உண்டாகுது, அவ்வளவுதான்.

நான் 1976-ல பத்தாவது முடிச்சிட்டு சிவகாசியில ஒரு அச்சாபீஸ்ல சேர்ந்தேன். முதல் ஆறு மாசம் என்னை எழுத்தைத் தொடவே விடலை. கூட்டுறது, மண்ணெண்ணெய் ஊத்தி எழுத்தைக் கழுவுறது, டீ வாங்கியாறது. அதுக்கப்புறம்தான் கேஸ் முன்னால நிறுத்தினாங்க. கேஸ்னா மரப்பெட்டி. நம்ம அஞ்சறைப் பெட்டி மாதிரியே அறை அறையா இருக்கும். ஆனா அஞ்சு அறை இல்ல, நூத்துக்கு மேல அறை. ஒவ்வொரு அறையிலயும் ஒரே எழுத்து குவிஞ்சு கிடக்கும். எல்லாம் ஈயத்துல வார்த்தது. வெறும் ஈயம்னா நசுங்கிடும், அதனால அதோட ஆன்டிமணியும் கொஞ்சம் வெள்ளீயமும் கலந்திருப்பாங்க. ஒரு எழுத்து பாதித் தீக்குச்சி உயரம்தான் இருக்கும். அதன் தலையில எழுத்து, கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடவலம் மாறி நிக்கும்.

இடது கையில ஸ்டிக்குன்னு ஒரு இரும்புத் தட்டு பிடிச்சிருப்போம். வலது கை ஒவ்வொரு எழுத்தா எடுத்து அதுல நிறுத்தும். இடது கை கட்டைவிரல் அதைச் சாயாமப் பிடிச்சிருக்கும். எழுத்து தலைகீழாத்தான் நிக்கும். தலைகீழா, இடமிருந்து வலமா வாசிக்கப் பழகணும். பழகிட்டா அதுதான் நேரா இருக்கிற மாதிரி தோணும். எங்க வீட்டுக்காரி இன்னைக்கும் கேலி பண்ணுவா, பேப்பரை எதிர்ல இருக்கிறவர் பிடிச்சிருந்தாலே இவர் படிச்சு முடிச்சிருவார்னு.

ஒவ்வொரு எழுத்தோட உடம்புலயும் ஒரு பக்கம் சின்னப் பள்ளம் இருக்கும். நிக்குன்னு சொல்வோம். எடுக்கும்போதே விரல் அந்தப் பள்ளத்தைத் தேடும். பள்ளம் மேல் பக்கமா இருந்தா எழுத்து சரியா நிக்குதுன்னு அர்த்தம். கண்ணால பார்க்க வேண்டியதில்ல. ஏன் இதைச் சொல்றேன்னா, பில் புத்தகத்துல 6 போட வேண்டிய இடத்துல அதே எழுத்து திரும்பி நின்னா 9 ஆயிடும். அறுபது ரூபா தொண்ணூறு ரூபா ஆயிடும். அந்தப் பள்ளம்தான் எங்களுக்குக் காவல். வரிசை முடிஞ்சதும் விரலால ஒரு தடவு தடவுவோம். ஒரு எழுத்துல மட்டும் பள்ளம் இல்லன்னா உடனே தெரிஞ்சுரும்.

உங்க பேரையே எடுத்துக்குவோம். ‘சேமிப்பு’ன்னு கோர்க்கணும். முதல்ல ஒத்தைக் கொம்பு இல்ல, சுழிச்ச கொம்பு, அது ஒரு துண்டு. பிறகு ச. பிறகு மி, அது சேர்த்தே ஒரே துண்டா வரும். பிறகு ப். பிறகு பு. ஆக அஞ்சு துண்டு. ‘கூட்டமைப்பு’க்கு ஏழு துண்டு. ஒரு பக்கம் கோர்க்க கை பழகினவருக்கே ஒன்றரை மணி, ரெண்டு மணி நேரம் ஆகும். அதுவும் நின்னுக்கிட்டே.

இங்கிலீஷ்காரனுக்குப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26. நமக்கு? க், க, கி, கீ, கு, கூ இந்த ஆறும் தனித்தனித் துண்டு. 18 மெய்க்கும் ஆறு ஆறுன்னு பார்த்தா 108. (அங்கே முன்வரிசையில் ஒரு தங்கை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.) ங வரிசையில பாதிக்கு வேலையே வராது, ஆனாலும் கணக்கு அதுதான். அதோட உயிரெழுத்து, கால், கொம்பு, ஐகாரக் கொம்பு, ஸ்ரீ, ஜ, ஷ, எண்கள், புள்ளி, கமா எல்லாம் வேற. எந்த அறையில எது இருக்குன்னு எழுதியிருக்காது. கை தானா போகணும். எனக்கு அது வர ஒரு வருசம் ஆச்சு.

1978-ல ஒரு மாற்றம் வந்தது. உங்கள்ல வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும், முந்தி ‘லை’ போட யானைத் தும்பிக்கை மாதிரி மேல வளைச்சு எழுதுவாங்க. ணை, ளை, னை மூணுக்கும் அப்படித்தான். ணா, றா, னா மூணும் கால் தனியா நிக்காம கீழே சுழிச்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். பெரியார் 1935-லயே குடி அரசு பத்திரிகையில இதையெல்லாம் மாத்தி அடிச்சுக் காட்டிட்டார். எம்.ஜி.ஆர். முதலமைச்சரா இருக்கும்போது 1978-ல அரசாங்கமே அதை ஏத்துக்கிட்டது. 13 எழுத்து மாறினதா சொல்வாங்க. எங்க பெட்டியில பார்த்தா குறைஞ்சது ஏழு அறைதான். ஏன்னா ணொ, ணோ எல்லாம் முன்னால கொம்பும் பின்னால அந்தச் சுழிச்ச ணாவும் வச்சுத்தான் கோர்ப்போம். அந்த ஏழு போனதும் மத்ததெல்லாம் சேர்த்துக் கோர்க்கிற எழுத்தாயிடுச்சு. வாங்கி வச்ச பழைய எழுத்தை என்ன பண்ணன்னு முதலாளி முழிச்சார். கல்யாணப் பத்திரிகைக்கு வர்ற பெரியவங்க, பழைய லை போட்டாத்தான் லட்சணமா இருக்கும்னு அடம் பிடிப்பாங்க. அதனால அஞ்சாறு வருசம் ரெண்டும் ஓடிச்சு.

இப்ப உங்க விசயத்துக்கு வர்றேன். நான் 1986-ல இங்க வந்து சொந்தமா ஒரு டிரெடில் மெஷினும் கொஞ்சம் எழுத்தும் வாங்கிப் போட்டேன். கொஞ்சம்னு சொல்றேன்ல, அதுதான் பாடு. எழுத்து கிலோ கணக்குல காசு. எல்லா எழுத்தும் வேணும்கிற அளவு வாங்க முடியாது. ஒரு தடவை பெண்கள் பேரா இருநூறு பேர் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. முக்கால்வாசிப் பேர் மாரியம்மாள், வெள்ளையம்மாள், சண்முகத்தம்மாள். நூத்திச்சொச்சம் பேர் வரும்போதே ‘ள்’ தீர்ந்துபோச்சு. (இங்கே பெரிய சிரிப்பு. எங்கள் குழுவிலேயே நாலு பேர் அம்மாள் இருக்கிறார்கள்.)

அப்ப என்ன செய்வோம்னா, ள் வர வேண்டிய இடத்துல வேற ஒரு எழுத்தைக் காலை மேல தூக்கிக் கவுத்து வச்சிருவோம். புரூஃப் எடுத்தா அந்த இடத்துல ரெண்டு கறுப்புக் கோடு விழும். பார்க்கிறவங்க கறை விழுந்திருக்குன்னு நினைப்பாங்க. எங்களுக்கு அது இங்க எழுத்து பாக்கின்னு சீட்டு. பிறகு பக்கத்து அச்சாபீசுக்கு ஒரு தகர டப்பா எடுத்துக்கிட்டுப் போய் ள் கடன் வாங்கணும். அவங்ககிட்டயும் இல்லன்னா, கோர்த்த வரைக்கும் முதல் பக்கம் அடிச்சு, எழுத்தைக் கழுவி, பிரிச்சுப் பெட்டியில போட்டு, அதே எழுத்தை எடுத்து அடுத்த பக்கம் கோர்க்கணும். அந்தப் பட்டியலை அப்படித்தான் முடிச்சோம்.

இந்தப் பிரிச்சுப் போடுறதுதான் எங்க ஆபீஸ்ல பெண்கள் செஞ்ச வேலை. ஒரு அக்கா இருந்தாங்க, எட்டாவது படிச்சவங்க. அடிச்சு முடிச்ச வரிகளை இடது கையில அள்ளி வச்சுக்கிட்டு, ஒரு வார்த்தையா வாசிச்சு, விரலால ஒவ்வொண்ணா உதிர்ப்பாங்க. மழை விழுற மாதிரி அந்தந்த அறையில விழும். பார்க்க சின்ன வேலை, சம்பளமும் கோர்க்கிறவருக்குக் கொடுத்ததை விடக் கம்மி. ஆனா இங்க ஒரு ன போய் ண அறையில விழுந்துட்டா, பத்து நாள் கழிச்சு எவனோ ஒருத்தன் கல்யாணப் பத்திரிகையில அது வந்து நிக்கும். கோர்க்கிறவர் பார்க்காமதானே எடுக்கிறார்! அதனால நல்ல அச்சாபீஸா இல்லையான்னு தெரியணும்னா பிரிச்சுப் போடுறவங்க கையைப் பார்த்தாப் போதும். அந்த அக்கா போட்ட கேஸ்ல எழுத்து மாறி நான் கண்டதில்ல. (இதைச் சொல்லும்போது அண்ணாச்சி கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார்.)

இன்னொண்ணு கவனிங்க. பிரிச்சுப் போட்டாச்சுன்னா அந்தப் பக்கம் உலகத்துலயே கிடையாது. திரும்ப வேணும்னா முதல்ல இருந்து கோர்க்கணும். அதனால புரூஃப் பார்க்கிறதுல எல்லாருக்கும் ஒரு பயம் இருந்தது.

கம்ப்யூட்டர் வந்தது 90-கள்ல. எங்க ஊருக்கு உடனே வரலை. முதல்ல சிவகாசியிலயும் மதுரையிலயும் டிடிபி சென்டர்னு போர்டு மாட்டினாங்க. நான் மேட்டரை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிப் போவேன். ஒரு பிள்ளை உட்கார்ந்து தட்டும். பட்டர் ஷீட்ல லேசர் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாங்க. அதை பிளேட் போட்டு ஆப்செட்ல அடிக்கிறது. நாள் முழுக்க நின்னு கோர்க்கிற நாலு பக்கத்தை அந்தப் பிள்ளை சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சிட்டு டிபன் பாக்ஸைத் திறக்குது. அன்னைக்கு பஸ்ல திரும்பி வரும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நம்ம பெட்டிக்கு இனி வேலை இல்லைன்னு.

1998-ல கடன் வாங்கி நானும் ஒண்ணு வாங்கினேன். அதுல ஒரு விசயம் நான் எதிர்பார்க்கலை. இருபது வருசம் கோர்த்த கம்பாசிட்டருக்கு அதுல கை வரலை. தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிட்டு வேலை இல்லாம வீட்டுல இருந்த பெண் பிள்ளைகளுக்கு ஒரே வாரத்துல வந்துருச்சு. ஏன்னா கீபோர்டுல எழுத்து இருந்த இடம் டைப்ரைட்டர்ல இருந்த அதே இடம். விரலுக்கு ஏற்கெனவே வழி தெரியும். அப்படித்தான் நம்ம பக்கத்து டிடிபி சென்டர்ல எல்லாம் பெண் பிள்ளைகள் உட்கார்ந்தாங்க. யாரும் பெண்களுக்குக் கொடுக்கணும்னு நினைச்சுக் கொடுக்கலை. டைப்ரைட்டிங் படிச்சிருந்தாங்க, அவ்வளவுதான்.

என்கிட்ட கம்பாசிட்டர் மூணு பேர். ஒருத்தர் டீக்கடை போட்டார், அது ஓடலை. திருப்பூர் போயிட்டார். ஒருத்தர் கட்டிங் மெஷினுக்கு மாறினார். மூத்தவரை மட்டும் புரூஃப் பார்க்க வச்சுக்கிட்டேன். பிரிச்சுப் போட்ட அக்கா பைண்டிங்குக்கு வந்தாங்க. உங்க நோட்டெல்லாம் கடைசி வரை தைச்சது அவங்கதான். எழுத்தை எல்லாம் பழைய ஈய விலைக்கு எடை போட்டுக் கொடுத்தேன். வாங்கும்போது எழுத்து விலை, விக்கும்போது உலோக விலை. சாக்குல கொட்டினப்ப அந்த அக்கா வெளியே போயிட்டாங்க.

(கேஸ் பெட்டி ஒன்றை மட்டும் அவர் விற்கவில்லை. அது இப்போது எங்கள் தையல் குழுவில் பட்டன், ஊக்கு, பாசி போட்டு வைக்க இருக்கிறது. நாங்கள் இத்தனை நாள் அது தையல்காரர் பெட்டி என்றே நினைத்திருந்தோம்.)

கம்ப்யூட்டர் வந்தா தப்பு போயிடும்னு எல்லாரும் நினைச்சாங்க. போகலை, வேற மாதிரி வந்தது. எழுத்து திரும்பி நிக்காது, எழுத்து தீராது. ஆனா ஒவ்வொரு கம்பெனி ஃபாண்டும் ஒவ்வொரு கணக்கு. பாமினி ஃபாண்ட்ல அம்மான்னு அடிச்சதை அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா mk;kh-ன்னு நிக்கும். உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், ஃபாண்ட்தான் அதுக்குத் தமிழ்ச் சட்டை போட்டு விடுது. இப்ப உங்க போன்ல வர்றது யூனிகோடு, அதுல இந்தத் தொல்லை இல்ல. ஆனா நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புறதை எங்க பழைய சாப்ட்வேர்ல போட அதை மாத்தித்தான் போடணும். மாத்தும்போது நடுவுல இருக்கிற இங்கிலீஷ் எழுத்தும் தமிழாகிக் கொழம்பும். அதனால நோட்டீஸ்ல பேங்க் ஐஎப்எஸ்சி நம்பர் இருந்தா முதல்ல அதைப் பாருங்க.

அதை விடப் பெரிசு பழைய ஃபைல். முந்தி பிரிச்சாப் போச்சுன்னேன்ல, இப்ப எதுவும் போறதில்ல. போன வருச நோட்டீஸைத் திறந்து மாத்த வேண்டியதை மட்டும் மாத்துவோம். 2018-ல உங்க பொதுக்குழு ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வருசம் ஜூலை 20. பழைய நோட்டீஸ்லயே பேனாவால தேதியைத் திருத்திக் கொடுத்து விட்டிருந்தாங்க. கிழமையைத் தொடலை. திருத்திக் கொடுத்ததைத் திருத்தியாச்சு. தேதி 20-7-2019, கிழமை ஞாயிறு. புரூஃப் வாங்க வந்த தங்கச்சி சுவத்துல இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்திச்சு. அண்ணாச்சி, 20 சனிக்கிழமைல்லா அப்படின்னுச்சு. ஆயிரம் நோட்டீஸ், அடிச்சிருந்தா பாதிப் பேர் சனிக்கிழமையும் பாதிப் பேர் ஞாயித்துக்கிழமையும் வந்திருப்பாங்க. எழுத்துப்பிழை இருந்தா கண்ணு குத்தும். இதுல எழுத்து எல்லாம் சரி. அதனாலதான் கண்ணுக்குச் சிக்காது. புதுசா மாத்தினதைப் படிக்காதீங்க, மாத்தாம விட்டதைப் படிங்க. ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் கேட்கணும். எண்ணை எல்லாம் ஒத்தை ஒத்தையா வாசிக்கணும்.

(பேச்சு முடிந்ததும் எங்கள் கணக்காளர் தங்கை ஒரு கேள்வி கேட்டாள்: அண்ணாச்சி, எல்லாம் கம்ப்யூட்டர்னா அந்தக் கறுப்பு மெஷினை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க? அதற்கு அவர் சொன்னது.)

அது உங்களுக்காகத்தான் நிக்குது. ரசீதுல வரிசை நம்பர் அடிக்கவும், கிழிக்கிற ஓட்டை போடவும் இன்னைக்கும் அந்த டிரெடில்தான். நம்பரிங் மெஷின்னு சின்ன இரும்புக் கட்டை இருக்கு. அதுல ஒரு மொட்டு இருக்கும். பேப்பர் வந்து அமுக்கும்போது ஒரு நம்பர் அடிச்சு அடுத்ததுக்கு உருளும். உங்க ரசீதுக்கு ரெண்டு கட்டை, ரசீதுக்கு ஒண்ணு, அடிக்கட்டைக்கு ஒண்ணு. உள்ள மை காய்ஞ்சா சக்கரம் ஒட்டிக்கும். ஒட்டுறது பெரும்பாலும் ஒன்பது முடிஞ்சு பத்து மாறுற இடத்துல. அங்கதான் ரெண்டு சக்கரம் சேர்ந்து உருளணும். ஒரு கட்டை உருண்டு இன்னொண்ணு நின்னுட்டா ரசீது ஒரு நம்பர், அடிக்கட்டை ஒரு நம்பர். பணம் கட்டினவங்க ஒரு நம்பரைச் சொல்வாங்க, உங்க புத்தகத்துல அது வேற ஆள் பேர்ல இருக்கும். தணிக்கையில யார் பதில் சொல்றது?

அதனால புத்தகம் வாங்கும்போது கட்டை மட்டும் எண்ணாதீங்க. முதல் தாள், கடைசித் தாள் பாருங்க. 4501-ல ஆரம்பிச்சா 4600-ல முடியணும். பிறகு 4509-ஐத் திறந்து அடுத்த தாள் 4510-ஆன்னு பாருங்க. 4519, 4529 அப்படியே ஒவ்வொரு ஒன்பதும். ரசீதுலயும் அடிக்கட்டையிலயும் ஒரே நம்பரா பாருங்க. ஒரு புத்தகத்துக்கு ரெண்டு நிமிசம். தப்பா இருந்தா அந்தத் தாளைக் கிழிச்சு எறிய வேண்டாம், ரத்துன்னு எழுதி புத்தகத்துலயே விட்டு, அச்சாபீஸ்ல எழுதி வாங்கிக்கிடுங்க.

இனி கடையைப் பார்க்கப்போறது என்கிட்ட டைப் அடிச்ச பிள்ளைதான். நான் சொன்ன மதுரைப் பிள்ளை இல்ல, இது நம்ம ஊர்ப் பிள்ளை. டிரெடிலையும் அதுக்கே விட்டுட்டேன். மாசத்துக்கு ஒருக்க நம்பரிங் கட்டையை மண்ணெண்ணெயில ஊறப்போட்டுத் துடைச்சு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடச் சொல்லியிருக்கேன். நீங்களும் போறப்ப கேளுங்க, எண்ணெய் விட்டாச்சான்னு.